நான்தான் கொன்னுட்டேன்

பூனைக்குக் காய்ச்சல். இரவு பதினொரு மணிக்கு எந்தக் கால்நடை மருத்துவரும் போனை எடுக்கவில்லை. வீட்டிலிருந்த 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து ஊட்டிவிடுகிறார் வளர்த்தவர். விடியும்போது பூனையின் முகம் வீங்கியிருக்கிறது, ஈறு பழுப்பேறியிருக்கிறது, மூச்சு இழுக்கிறது. மருத்துவமனைக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிகிறது. அந்த மருந்தின் நஞ்சை முறிக்கும் நொதி மனித ஈரலில் தாராளமாக உண்டு, பூனைக்கு மிகக் குறைவு. முறியாத நஞ்சு ரத்தத்தைப் பிராணவாயு சுமக்க முடியாததாக்கிவிடும். நாலு கிலோ பூனைக்கு அரை மாத்திரையே உயிரைக் குடிக்கப் போதும். மாற்று மருந்து உண்டு. ஆனால் நேரம் போகப் போக அதன் பலன் குறையும்.

மறுநாள் நண்பருக்கு ஒரு செய்தி வருகிறது: "சிட்டு போயிட்டாடா. மாத்திரை கொடுத்து நான்தான் கொன்னுட்டேன்."

என்ன பதில் எழுதுவது? "பூனைதானே" என்பவரை விட்டுவிடலாம், அவர் நண்பரே இல்லை. நல்ல மனசுக்காரர்களின் கை முதலில் எழுதுவது, "உன் மேல தப்பே இல்ல. அதோட ஆயுசு அவ்வளவுதான்." ஆறுதலுக்குச் சொல்லும் பொய்தானே, என்ன கெட்டுவிடும்? கெடுகிறது. மாத்திரைதான் கொன்றது என்று மருத்துவர் வாயாலேயே கேட்டு வந்தவர் அவர். விதியைக் காட்டினால், தன்னைத் தின்னும் விஷயத்தைப் பேச இங்கே இடமில்லை என்று வாயை மூடிக்கொள்வார். அதற்காக "டாக்டரைக் கேட்டிருக்கலாமே" என்பதும் கூடாது. அது அவரே தன்னிடம் நூறு முறை சொல்லிக்கொண்ட உண்மை. வீட்டில் இன்னொரு பூனை இருந்து, அதற்கும் மாத்திரை கொடுத்திருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது ஆறுதல் பிறகு, முதலில் அந்தப் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்ல வேண்டும்.

செயல் வேறு, குற்றம் வேறு. அவர் கொடுத்ததால் செத்தது என்பது நிஜம். ஆனால் கைக்குழந்தைக்கும் அளவு பார்த்துக் கொடுக்கிற மருந்து பூனைக்கு விஷமாகும் என்று தோன்றாமல் போனது அலட்சியம் ஆகாது. அலட்சியக்காரர் நள்ளிரவில் மாத்திரையைப் பொடித்துக்கொண்டிருக்க மாட்டார். இந்த வேறுபாட்டைச் சொல்லப் பொய் தேவையில்லை:

"சிட்டு போனது கேட்டு மனசே சரியில்லடா. மாத்திரையாலதான்னு நீ சொல்ற, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அவ படுற பாட்டைப் பார்க்கத் தாங்காமத்தான் நீ கொடுத்தே. எனக்கும் இது தெரியாது, உன் இடத்துல நான் இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன். சாயங்காலம் வர்றேன்."

கடைசி வரிதான் முக்கியம். துக்கத்தை 'விசாரிப்பது' என்றுதான் தமிழில் வழக்கம். சாவு வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் "எப்படி ஆச்சு?" என்று கேட்க, வீட்டார் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி ஆற்றிக்கொள்வார்கள். பூனை செத்த வீட்டுக்கு அப்படிக் கேட்க யாரும் வருவதில்லை. போகிறவர் அந்த இரவைப் பற்றிக் கேட்டுவிட்டு, மாத்திரை வரும் இடத்தில் குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும்.