எவ்வளவு ஆழம்?

ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் பதிவேற்றிவிட்டு, "உங்கள் கருத்து?" என்று மட்டும் ஒருவர் கேட்டால், சுருக்கம் சொல்வது போதாது, அது கட்டுரையின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. வரிக்கு வரி திருத்தவும் வேண்டாம். முக்கிய முடிவு எந்தச் சான்றின்மேல் நிற்கிறதோ, அதுவரை இறங்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 1998-இல் 'லான்செட்' இதழில் வந்த வேக்ஃபீல்ட் குழுவின் கட்டுரை, எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டோ என்ற அச்சத்தைக் கிளப்பியது. அதில் ஆராயப்பட்டவர்கள் 12 குழந்தைகள். தடுப்பூசித் தொடர்பைச் சோதிக்க ஒப்பீட்டுக் குழு இல்லை. அவர்களில் 8 பேரின் பாதிப்பைத் தடுப்பூசியோடு இணைத்தது பெற்றோர் அல்லது மருத்துவரின் சொல். கட்டுரையின் உட்பகுதியைப் படித்தாலே இது தெரியும்.

கேட்காததை ஏன் தோண்ட வேண்டும் என்பார்கள் சிலர். கேட்டவர் கட்டுரையை நம்பி முடிவெடுக்கக்கூடும் என்பதே விடை. அப்படியானால் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டுமா? முடியாது. அக்குழந்தைகளின் விவரங்கள் திரிக்கப்பட்டிருந்ததைப் பத்திரிகையாளர் ஒருவரின் நீண்ட புலனாய்வுதான் வெளிக்கொணர்ந்தது. 2010-இல் 'லான்செட்' அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. ஆகவே கட்டுரையில் தெரிவதை உறுதியாகச் சொல்லி, அதை மட்டும் வைத்து அறிய முடியாதது எதுவென்றும் சொல்லி நிறுத்துவதே சரியான ஆழம்.