கடைசிப் படி அவளுடையது

சென்ற ஆண்டு மகோற்சவ காலத்தில், அன்னதான மண்டபத்தில் ஓர் இளம் தந்தை என் அருகில் வந்து அமர்ந்தார். அவருடைய மகனுக்கு மூன்று வயது. எமது மகளைப் போலவே டவுன் சின்ட்ரோமுடன் பிறந்த பிள்ளை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "அண்ணை, எல்லாத்தையும் நாங்களே செய்து குடுத்தால் பிள்ளை ஒண்டும் பழகாது எண்டு சொல்லுகினம். பழக்க வெளிக்கிட்டால் எனக்குக் கோபம் வருது. எது சரி?"

அன்று என்னால் அவருக்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. பிள்ளைக்குச் செய்து கொடுப்பது அன்பா, கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது அன்பா என்பது எங்கள் வீட்டிலும் பல காலம் தீராதிருந்த கேள்வி. அதற்கு நாங்கள் கண்ட விடையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். "யார் செய்த பாவமோ" என்று எங்கள் உறவினரே கேட்டதுண்டு. மனிதனின் உயிரணுவில் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. இப்பிள்ளைகளுக்கு 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக இருப்பதை 1959ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பெரும்பாலும் இது உயிரணு பிரியும்போது தற்செயலாக நேர்வது. தாய் உண்டதாலோ, நடந்துகொண்ட முறையாலோ வருவதன்று. ஆகவே ஒரு தாய் தன்னைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, அதற்குத் தண்டனையாக இரவு பகலாகத் தேய வேண்டியதில்லை. நாம் பேச வேண்டியது பிறப்புக்கு முந்திய கணக்கையல்ல, நாளைக் காலை பிள்ளையின் காலில் காலுறை எப்படி ஏறும் என்பதையே.

காலுறை என்றதும் சிரிக்க வேண்டாம். பனி நாட்டில் அது இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. எமது மகளுக்கு எட்டு வயதானபோதும் நாங்களே அதைப் போட்டுவிட்டோம். இப்பிள்ளைகளின் தசைகள் சற்றுத் தளர்வானவை, மூட்டுகளும் அப்படியே. ஒரு காலைத் தூக்கினால் உடல் சரிந்துவிடும், விரல்களின் பிடியும் இறுகாது. அதனால் முதலில் அவளை மாடிப்படியின் அடிப்படியில், முதுகு சுவரில் சாயும்படி இருத்தினோம். ஒரு அளவு பெரிய, குட்டையான, குதிப் பகுதி வேறு நிறத்தில் உள்ள காலுறைகளை வாங்கினோம். நிறம் எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதைக் கண் சொல்லும். வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காண்பது இப்பிள்ளைகள் பலருக்கு எளிதில் மனதில் நிற்கிறது.

அடுத்தது, கடைசியிலிருந்து தொடங்குதல். காலுறை போடுவதில் நாங்கள் ஐந்து படிகளை எண்ணினோம்: வாயை விரித்துப் பிடித்தல், விரல்களில் மாட்டுதல், பாதத்தில் இழுத்தல், குதியைத் தாண்டுதல், கணுக்காலில் ஏற்றிவிடுதல். முதல் நான்கையும் நாங்கள் செய்துவிட்டு ஐந்தாவதை மட்டும் அவளிடம் விட்டோம். ஓர் இழுப்புத்தான். ஆனால் அந்த இழுப்பில் வேலை முடிகிறது. முதலாம் படியிலிருந்து பழக்கினால் பிள்ளை தடுமாறும் இடத்தில் பெற்றோர் வாங்கி முடிப்பார்கள். ஒவ்வொரு நாளும் அவள் காண்பது தன் தோல்வியையும் எங்கள் வெற்றியையுமே. கடைசியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு நாளும் முடிப்பவள் அவள். ஐந்தாவது கைவந்த பின் நான்காவதும் ஐந்தாவதும், பிறகு மூன்றாவதிலிருந்து என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

ஐந்தாம் படி ஒன்பது நாளில் வந்தது. நான்காவதான குதி ஏழு வாரங்கள் எடுத்தது. அந்த ஏழு வாரங்களில்தான் நான் தவறினேன்.

ஒரு காலை பாடசாலை பஸ் வர நான்கு நிமிடம் இருந்தது. முதல்நாள் இரவு வரிக்கணக்கு வேலையில் நான் சரியாக உறங்கவில்லை. அவள் குதியில் சிக்கிய காலுறையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இழு, இழு" என்று உரத்த குரலில் சொல்லி, அவள் கையைத் தட்டிவிட்டு நானே இழுத்துப் போட்டேன். அவள் அழவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். அதன்பின் மூன்று நாட்கள் காலுறையைத் தொடவே இல்லை.

அந்த மூன்று நாட்களும் யோசித்தேன். களைத்தது என் குற்றமன்று. களைப்பு எவருக்கும் வரும். இல்லாத நேரத்தில் பழக்கத் தொடங்கியதுதான் குற்றம். கையில் நான்கு நிமிடம் இருக்கும்போது இருபது நிமிட வேலையை அவள் தலையில் வைத்து, அது முடியாததற்கு அவளைக் குற்றம் சொன்னேன். கணக்கு எழுதுபவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: இல்லாத பணத்துக்குக் காசோலை எழுதினால் திரும்பித்தான் வரும்.

அன்றிலிருந்து பழக்கும் நேரத்தைக் குளித்த பின்னான மாலைக்கு மாற்றினோம். காலையில் நான்கு படியும் நாங்களே, மறுபேச்சில்லை. ஆனால் எவ்வளவு அவசரமான காலையிலும் கடைசி இழுப்பு அவளுடையது. அதற்கு ஐந்து விநாடிதான் வேண்டும். மாலையில் அவள் தடுமாறினால் பேசாமல் மனதுக்குள் பத்து வரை எண்ணுவோம். எண்ணி முடியுமுன் நாம் வாயைத் திறந்தால் அவள் தன் கையை விட்டு எங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்குகிறாள். பிறகு சொல்லாமல் எதையும் செய்யமாட்டாள்.

வீட்டில் இன்னொரு சங்கடமும் இருந்தது. அம்மம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "சின்னப் பிள்ளையைப் போட்டு வதைக்கிறியள். நான் ஒரு நிமிசத்திலை மேஸ் போட்டுவிடுவன்" என்பார். அவருடைய அன்பை நாங்கள் தடுக்கவில்லை. குதி வரைக்கும் போட்டுவிடும் வேலையை அவரிடமே கொடுத்தோம். பேத்தி கடைசி இழுப்பை இழுத்து நிமிர்ந்து பார்க்கும்போது அந்த முகம் முதலில் காண்பது அம்மம்மாவையே. இரண்டு வாரத்தில் அவரே மற்றவர்களிடம் "தொடாதையுங்கோ, அவள் போடுவாள்" என்று சொல்லத் தொடங்கினார்.

புரட்டாதியில் தொடங்கியது மாசியில் நிறைவேறியது. ஐந்து படிகளும் அவளுடையவை. பங்குனியில் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தாள். எழுந்தபோது இரண்டு படிகள் போய்விட்டன. எல்லாம் வீணாயிற்று என்று என் மனைவி அழுதார். பழகியது திரும்ப வர நான்கு நாட்களே எடுத்தன. முதலில் அந்தப் படிகளுக்கு எத்தனை வாரம் என்று குறிப்புப் புத்தகத்தில் திகதியுடன் எழுதியிருந்ததால்தான் அந்த வேறுபாடு எங்களுக்குத் தெரிந்தது. எழுதியிராவிட்டால் இழப்பு மட்டுமே கண்ணில் பட்டிருக்கும்.

இன்னமும் அவளால் சப்பாத்துக் கயிறு கட்ட முடியாது. ஒட்டும் பட்டியுள்ள சப்பாத்தே போடுகிறாள். அது வருமா வராதா என்று நான் கணக்குப் போடுவதில்லை.

அந்தத் தந்தைக்கு என் பதில் இதுதான். தம்பி, செய்து கொடுப்பதும் அன்பு, காத்திருப்பதும் அன்பு. எந்த வேளையில் எது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். பொறுமை உள்ள வேளையில் ஒரேயொரு வேலையைப் பழக்குங்கள். இல்லாத வேளையில் மனச்சாட்சி உறுத்தாமல் செய்து கொடுங்கள். இரண்டு வேளையிலும் கடைசிப் படியைப் பிள்ளைக்கு விடுங்கள்.

எமது ஆலய அன்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வெளியேறும்போது, செருப்பு வைக்கும் இடத்தில் ஒரு சிறுமி வாங்கில் சாய்ந்திருந்து காலுறை போட்டுக்கொண்டிருப்பாள். வழி சற்று அடைபடும், வாசல் திறந்திருந்தால் குளிரும். குனிந்து உதவ உங்கள் கை நீளும். தயவுசெய்து பத்து வரை எண்ணுங்கள்.