நாலு வரி நன்றி

கொஞ்சம் எழுத வரும் என்று தெரிந்துவிட்டால் போதும், தெருவில் எல்லோருக்கும் நாம்தான் கடிதம் எழுதித் தர வேண்டும். “டீச்சருக்கு ஒரு தேங்க்ஸ் லெட்டர் வேணும், நாலு வரி போதும்” என்று வருவார்கள். என்ன பாடம் எடுத்த டீச்சர், பணி ஓய்வா, ஆசிரியர் தினமா, கேட்பவருக்கும் அவருக்கும் எவ்வளவு பழக்கம் என்று எதையும் சொல்ல மாட்டார்கள். திருப்பிக் கேட்டால், “பொதுவா எழுதுங்களேன்” என்பார்கள்.

பொதுவாக எழுத உட்கார்ந்தால் ஏணியும் மெழுகுவர்த்தியும் தானாக வந்து நிற்கும். செப்டம்பர் 5 அன்று ஒரு டீச்சரின் மேஜையில் சேரும் அட்டைகளில் பாதி அவற்றால்தான் நிரம்பியிருக்கும். அதிலாவது பெரிய கெடுதல் இல்லை. “நீங்கள் இல்லையென்றால் இன்று நான் இல்லை” என்ற வரிக்குத்தான் எனக்குப் பயம். அது ஒருவர் வாழ்க்கையில் நடந்ததைப் பற்றிய தகவல். நடந்ததா என்று தெரியாமல் அதை நான் எப்படி எழுத முடியும்?

அந்த வரியை உரிமையோடு எழுதியவர் ஒருவரைத் தெரியும். எழுத்தாளர் ஆல்பர் காம்யுவுக்கு 1957-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. தன்னைச் சுற்றியிருந்த ஆரவாரம் சற்று அடங்கட்டும் என்று காத்திருந்து, நவம்பர் 19 அன்று தன் தொடக்கப்பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேனுக்கு ஒரு சிறிய கடிதம் எழுதினார். செய்தி கேட்டதும் முதலில் அம்மாவையும் அடுத்து உங்களையும்தான் நினைத்தேன், ஏழைப் பிள்ளையாக இருந்த எனக்கு நீங்கள் கை நீட்டியிருக்காவிட்டால் இதெல்லாம் நடந்திருக்காது என்பது அதன் சாரம். என்ன பாடம் நடத்தினார் என்ற பேச்சே அதில் இல்லை.

பார்த்தால் நம் அட்டை வரிதான். ஆனால் அதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. காம்யுவின் அப்பா 1914-இல் போரில் இறந்துவிட்டார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, காதும் சரியாகக் கேட்காது. வீட்டை நடத்தியது பாட்டி. பையன் சீக்கிரம் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அல்ஜியர்ஸில் அந்த ஏழை வீட்டுக்கே ஜெர்மேன் போய்ப் பேசிப் பாட்டியைச் சம்மதிக்க வைத்தார். உதவித்தொகைத் தேர்வுக்காகப் பையனுக்குத் தனியாகவும் சொல்லிக்கொடுத்தார். அவர் அன்று போகாமல் இருந்திருந்தால் காம்யு மேல்நிலைப் பள்ளிக்குள் நுழைந்திருப்பது கடினம். அதனால் அவர் அப்படி எழுதலாம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு வருடம் கணக்கு எடுத்த டீச்சருக்கு அதே வரியை அனுப்பினால், ‘நான் அப்படி என்ன செய்துவிட்டேன்?’ என்று அவரே யோசிப்பார்.

அப்படியென்றால் ஒன்றும் தெரியாதபோது எதை எழுதுவது? நிச்சயமாகத் தெரிந்தவை இரண்டு இருக்கின்றன. அவர் சொல்லிக்கொடுத்தார், இவருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. அந்த அளவுக்குள் நிற்க வேண்டும். சமீபத்தில் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் கேட்டபோது இப்படி எழுதிக் கொடுத்தேன்:

“மதிப்பிற்குரிய டீச்சருக்கு, வணக்கம். உங்களிடம் படித்தவர்களில் நானும் ஒருத்தி. நீங்கள் சொல்லிக்கொடுத்ததில் ________ இன்றும் எனக்குக் கைகொடுக்கிறது. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி. இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.”

கடைசி வரி சந்தர்ப்பம் தெரியாத குறையைச் சரிக்கட்டுகிறது. ஆசிரியர் தினத்தன்று கொடுத்தாலும், விடைபெறும் நாளில் கொடுத்தாலும், சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை தபாலில் போனாலும் பொருந்தும். ‘வாழ்த்துகள்’ என்று முடித்திருந்தால் எதற்கு வாழ்த்து என்ற கேள்வி வந்திருக்கும். விளிப்பில் ‘அன்பு அம்மா’ வரை நான் போகவில்லை, நெருக்கம் தெரியாதே. ‘தாங்கள்’ போட்டால் விண்ணப்பம் மாதிரி விறைத்துக்கொள்ளும். ‘நீங்கள்’ என்பதில் மரியாதையும் இருக்கிறது, தூரமும் அதிகமில்லை. ‘பொறுமையாக’ என்பது மட்டும் என் ஊகம். டீச்சர் கோபக்காரர் என்றால் அதை அடித்துவிடச் சொன்னேன்.

கோடிட்ட இடத்தை நான் நிரப்பவில்லை. அந்தப் பெண் பேனாவைக் கடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, “விடை வந்ததும் அதைத் திருப்பிப் போட்டுச் சரிபார்ப்பது” என்று எழுதினாள். கணக்கு டீச்சர் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ‘பொறுமையாக’ என்பதை அவள் அடிக்கவில்லை.

கையெழுத்துக்குக் கீழே படித்த வருடத்தையும் வகுப்பையும் பிரிவையும் போடச் சொன்னேன். “என்னை ஞாபகம் இருக்காதா?” என்றாள், கொஞ்சம் முகம் வாடி. பிரிவுக்கு நாற்பது பேர், வருடத்துக்கு நாலு பிரிவு என்று வைத்தாலே இருபது வருடத்தில் மூவாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. அதிலும் ஒரே பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள்! முணுமுணுத்துக்கொண்டே ‘10-ஆம் வகுப்பு, பி பிரிவு’ என்று எழுதி, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘ஜன்னலோரம், கடைசி பெஞ்சு’ என்றும் சேர்த்துக்கொண்டாள்.