படகுக்குப் பற்றுச்சீட்டு இல்லை

கற்பிட்டியிலிருந்து பத்தலங்குண்டுக்குப் போகும் படகில் பயணச்சீட்டு கிடையாது. வாடிகளுக்கு அரிசியும் ஐஸும் ஏற்றிப்போகிற படகில் இடம் இருந்தால் ஏறிக்கொள்ளலாம்; அவசரமென்றால் ஒரு படகைத் தனியே பேசிக்கொள்ளலாம். காசு கைக்குக் கை மாறும். படகோட்டியிடம் பில் புத்தகம் இல்லை, அவர் அதை வைத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அந்தத் தீவுக்குக் கணக்கெடுப்புக்கோ கூட்டத்துக்கோ போகிற கள உத்தியோகத்தரின் அலுவலகம், 'பற்றுச்சீட்டு இல்லாத செலவு மீளளிக்கப்படாது' என்று கொள்கையில் எழுதி வைத்திருக்கிறது.

இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது பொருள் பிறக்கிறது: வெற்றுப் பில். பட்டினத்தில் தெரிந்த கடை ஒன்றில் முத்திரை குத்திய வெறும் தாளைக் கேட்டு வாங்கி, 'போக்குவரத்து' என்றோ 'சிற்றுண்டி' என்றோ எழுதி, உண்மையில் கொடுத்த தொகையையே நிரப்பிக் கொடுப்பார்கள். புத்தளம் கரையோரத்தில் மட்டுமல்ல, களப்பணி நடக்கும் எல்லா இடங்களிலும் இது உண்டு. ஆனால் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருந்தொகையாக வந்து சேர்ந்த நாளிலிருந்து தொண்டு நிறுவனங்கள் புழங்கிவரும் மாவட்டம் இது. படகும் ஓட்டோவும் மணல் பாதையுமான இந்த இடத்தில், நகரத்து மேசையில் எழுதப்பட்ட செலவு விதி அடிக்கடி தரைதட்டுகிறது.

காசு உண்மையாகவே செலவானது. தாள்தான் பொய். அப்படியானால் அதை நிரப்பியவர் குற்றவாளியா?

இல்லை என்பவரின் வாதம் எளிது. ஒரு சதம்கூடத் தன் பையில் போடவில்லை. வேலையைச் செய்தார், கொடுத்ததைத் திரும்பக் கேட்டார். உலகத்தில் இல்லாத ஒரு தாளைக் கேட்டது அலுவலகத்தின் பிழை. இந்த வாதத்தில் பாதி சரி. மற்றப் பாதியைப் பார்க்க வேண்டுமானால், அந்தத் தாள் அலுவலகத்துக்குள் போன பிறகு என்ன செய்கிறது என்று பின்தொடர வேண்டும்.

கணக்காய்வாளர் ஒருவர் ஒரு வருடத்துக் கோப்பைப் புரட்டுகிறார். ஜனவரியில் வந்த பில்லும் மே மாதத்தில் வந்த பில்லும் ஒரே புத்தகத்தின் அடுத்தடுத்த இலக்கங்கள். கடைக்காரரின் கையெழுத்தும் படிவத்தை நிரப்பியவரின் கையெழுத்தும் ஒன்று. தொகைகள் எல்லாம் முழு ஆயிரங்களாக இருக்கின்றன, அல்லது உச்சவரம்புக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகின்றன. ஒரு பில்லின் திகதி, கடை பூட்டிக்கிடந்த பெருநாள். இத்தனையும் கண்ணில் பட்ட பின்னும் அவரால் ஒன்றை மட்டும் சொல்ல முடியாது: இதில் எது படகுக்குக் கொடுத்த காசு, எது திருடிய காசு? நேர்மையானவரும் கள்வரும் ஒரே கடையில் ஒரே மாதிரித் தாளை வாங்கியிருக்கிறார்கள். நேர்மையானவர் தன் உண்மைச் செலவைப் பொய்த் தாளில் எழுதியபோது, கள்வர் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்துவிட்டார். இது அவர் நினைத்துச் செய்ததல்ல. ஆனாலும் விளைவு அதுதான்.

இன்னொரு விளைவு இதைவிட மோசமானது, ஆனால் குறைவாகவே பேசப்படுகிறது. எல்லோரும் வெற்றுப் பில் கொடுக்கிறார்கள் என்பது முகாமையாளருக்குத் தெரியும். தெரிந்தும் மாதாமாதம் கையொப்பம் வைக்கிறார். அந்தக் கணத்திலிருந்து ஒவ்வொரு ஊழியரின் கோப்பிலும் ஒரு குற்றம் உறங்குகிறது. சம்பள உயர்வு கேட்டவர், மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதியவர், பிடிக்காத சாதிக்காரர் அல்லது கட்சிக்காரர் என்று யாராவது ஒருவரை வெளியே அனுப்ப வேண்டும் என்று நினைக்கும் நாளில், அந்தக் கோப்பைத் திறந்தால் போதும். குற்றம் உண்மையானது, தண்டனைக்குத் தேர்ந்தெடுத்ததுதான் அநியாயம். நிறைவேற்ற முடியாத விதி, இப்படி அதிகாரத்தில் இருப்பவருக்கு ஒரு கத்தியாகிவிடுகிறது.

ஆகவே நிரப்பியவர் முழுக்க விடுபடவில்லை. ஆனால் விதியை எழுதியவரின் பங்கு இன்னும் பெரியது. உண்மை பேசினால் காசு இல்லை, பொய் எழுதினால் காசு உண்டு என்று ஒரு நிறுவனம் ஏற்பாடு செய்து வைத்தால், அது நேர்மைக்கு அபராதம் விதிக்கிறது.

வரம்புகளின் கதையும் இதேபோன்றதுதான். வரம்பு வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. காசு கொடையாளருடையது, அல்லது வரி கட்டியவருடையது. கேள்வி, வரம்பு எதைக் கட்டிப்போடுகிறது என்பது. மோட்டார்ச் சைக்கிளில் புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போய்வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். போகவர ஏறக்குறைய நூறு கிலோமீற்றர், லீற்றருக்கு நாற்பது ஓடும் என்று வைத்தால் இரண்டரை லீற்றர் பெற்றோல். 2021 டிசம்பர் கடைசியில் கூட்டுத்தாபனத்தின் 92 ஒக்டேன் லீற்றர் 177 ரூபாய். அப்போது ஒரு நிறுவனம் கிலோமீற்றருக்குப் பத்து ரூபாய் என்று நிர்ணயித்திருந்தால், ஆயிரம் ரூபாய் கிடைக்கும். பெற்றோலுக்கு 442 ரூபாய் ஐம்பது சதம் போக மிச்சம் டயருக்கும் எண்ணெய்க்கும் தேய்மானத்துக்கும். நல்ல விதிதான். 2022 ஜூன் கடைசியில் விலை 470 ஆனது. அதே பயணத்துக்குப் பெற்றோல் மட்டுமே 1,175 ரூபாய். விதியில் ஒரு சொல்லும் மாறவில்லை, ஆனால் ஊழியர் ஒவ்வொரு பயணத்திலும் நிறுவனத்துக்கு 175 ரூபாயும் தன் வண்டியின் டயரையும் நன்கொடை கொடுத்துக்கொண்டிருந்தார்.

கடலில் அடி பிறகு விழுந்தது. வெளியிணைப்பு எஞ்சின் படகுகள் குடிக்கும் மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்ட் 21 வரை லீற்றர் 87 ரூபாயாக இருந்து, ஒரே இரவில் 340 ஆகியது. போகவர இருபது லீற்றர் எரியும் ஒரு பயணத்துக்கு எரிபொருள் 1,740 ரூபாயிலிருந்து 6,800 ரூபாய். படகுக் கூலிக்கு ஐயாயிரம் ரூபாய் உச்சவரம்பு வைத்திருந்த ஒரு கொள்கையை எண்ணிப்பாருங்கள். ஒருநாள் முன்புவரை அது தாராளமானது. அடுத்த நாள் அந்தக் காசில் படகு திரும்பி வராது. அப்போது ஊழியர் என்ன செய்வார்? ஒரு பயணத்தை இரண்டாகக் காட்டுவார். வரம்பு பொய்யைத் தடுக்கவில்லை, பொய்யின் வடிவத்தை மாற்றியது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிப்பது நல்லது. வெளிக்களச் சாப்பாட்டுக்கு நாட்படி கொடுக்கும் முறை ஒன்று. உண்மைச் செலவைப் பில்லுக்கு எதிராகக் கொடுக்கும் முறை இன்னொன்று. நாட்படி முறையில் வீட்டிலிருந்து சோற்றுப் பார்சல் கொண்டுபோய்க் காசை மிச்சம் பிடித்தவர் யாரையும் ஏமாற்றவில்லை. நிறுவனம் அவருக்குக் கொடுத்தது ஒரு நாளின் சிரமத்துக்கான தொகை. பில் முறையில் அதையே செய்து, சாப்பிடாத சாப்பாட்டுக்குப் பில் வைத்தால் அது களவு. ஒரே ஐந்நூறு ரூபாய், ஒரே சோற்றுப் பார்சல். முறை மாறினால் அறம் மாறுகிறது. ஆகவே எந்தச் செலவை எந்த முறையில் வைப்பது என்பதே அறத் தீர்மானம். சரிபார்க்க முடியாத சிறு செலவுகளைப் பில் முறையில் வைப்பது, ஊழியரைச் சோதனைக்குள் தள்ளிவிட்டுக் காவல் இருப்பதாகும். தேநீர், மதியச் சாப்பாடு, ஊருக்குள் ஓடும் ஓட்டோ ஆகியவற்றை நாட்படிக்குள் அடக்கிவிடலாம்.

இனிக் காலக்கெடு. பெரும்பாலான கொள்கைகளில் ஊழியருக்கு ஒரு கெடு உண்டு: மாதம் ஐந்தாம் திகதிக்குள் படிவம் வராவிட்டால் உரிமை போய்விடும். அலுவலகத்துக்கு 'இயன்றவரை விரைவில்' என்று இருக்கும், அதுவும் இருந்தால். அரச சேவையில்கூட முற்பணம் வாங்கிய உத்தியோகத்தர் வேலை முடிந்து பத்து நாட்களுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும் என்ற சுற்றறிக்கை இருக்கிறது. தன் கைக்காசைப் போட்டவருக்கு அரசோ நிறுவனமோ எத்தனை நாளில் தீர்க்க வேண்டும் என்பது அதே கடுமையுடன் எழுதப்படுவதில்லை.

தாமதம் என்பது வட்டியில்லாக் கடன். கடன் கொடுப்பவர் அலுவலகத்தில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவர். 2022 மார்ச் நடுவில் 254 ரூபாய்ப்படி இரண்டரை லீற்றர் அடித்தவர் 635 ரூபாய் செலவழித்தார். அனுமதி, இரண்டாவது அனுமதி, தலைமைக் காரியாலயத்தின் சந்தேகம் எல்லாம் தீர்ந்து மே மாதக் கடைசியில் 635 ரூபாய் கைக்கு வந்தபோது லீற்றர் 420. இரண்டரை லீற்றர் கொடுத்தவருக்கு ஒன்றரை லீற்றர் திரும்பி வந்தது. கணக்குப் புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை. இடையில் அவர் நகையை அடகு வைத்திருந்தால், அந்த வட்டியை எழுத எந்தப் படிவத்திலும் நிரல் இல்லை. பணிப்பாளர் கொழும்புக்குப் போகும்போது வாகனமும் எரிபொருளும் அலுவலகத்தினுடையவை என்பதால் அவர் இதை உணர்வதே இல்லை. இதில் தீய எண்ணம் தேவையில்லை, கவனமின்மையே போதும்.

அப்படியானால் விதி எப்படி இருக்க வேண்டும்? படகுக் கூலிக்குக் கடைப் பில் கேட்கக்கூடாது. ஊழியரே ஒப்பமிடும் ஒரு சான்றுச் சீட்டு போதும். அதில் திகதி, எங்கிருந்து எங்கே, தொகை, படகின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் பதிவு இலக்கம், படகோட்டியின் பெயர், தொலைபேசி, கையொப்பம் இருக்க வேண்டும். முத்திரை குத்திய பொய்த் தாளைவிட இது பலமான சான்று, ஏனென்றால் இதைச் சரிபார்க்கலாம். பத்துச் சீட்டில் ஒன்றை எடுத்து, படகோட்டிக்கு ஒரு அழைப்பு எடுத்தால் உண்மை தெரிந்துவிடும். கிலோமீற்றர் விகிதம், விலை அறிவிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் தானாக மாற வேண்டும். தீவுப் பயணத்துக்கு முற்பணம் கொடுக்க வேண்டும். ஊழியருக்கு ஐந்து நாள் என்றால் அலுவலகத்துக்குப் பத்து நாள். அதற்குள் மறுப்புக் காரணம் எழுத்தில் வராவிட்டால் கோரிக்கை ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும்.

இந்த ஏற்பாட்டிலும் ஓட்டை உண்டு. படகோட்டியும் ஊழியரும் பேசிவைத்து இருநூறு ரூபாய் கூட்டி எழுதலாம். தொலைபேசியில் அது பிடிபடாது. அந்தச் சிறு கசிவைச் சகிக்க முடியாது என்பவர், அதைத் தடுக்க ஒரு எழுதுவினைஞரின் எத்தனை மணித்தியாலம் செலவாகிறது என்றும் கணக்கிட வேண்டும். கொடையாளர் பில் கேட்கிறார் என்பது வழமையான பதில். அப்படியானால் படகில் பில் இல்லை என்பதை ஒப்பந்தம் எழுதும்போதே கொடையாளருக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் துணிவு பணிப்பாளரின் கடமை. அந்தத் துணிவின்மைக்கு விலையாகக் கள உத்தியோகத்தர் பொய் எழுத வேண்டியதில்லை.

விதி திருத்தப்படும் வரை வெற்றுப் பில் நிரப்புவது தவறுதான். கொடுத்த காசைப் படகு இலக்கத்தோடு வெள்ளைத் தாளில் எழுதி, பற்றுச்சீட்டு இல்லை என்று கையொப்பமிட்டுக் கொடுப்பதே ஊழியர் செய்யத்தக்கது. ஆனால் விசாரணை என்று வந்தால், நிரப்பியவரை மட்டும் நிறுத்துவது நீதியல்ல. தெரிந்தே அதற்கு அனுமதி ஒப்பம் வைத்தவரும் அதே விசாரணையில் பதில் சொல்ல வேண்டும்.