ஒன்றேகால்

உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் மாமா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணத்தில் 20 லட்சத்தை மியூச்சுவல் ஃபண்டுகளில் போட்டிருந்தார். நான் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து வந்து திண்ணையில் வைத்தார்.

"பதினொண்ணு இருக்குது மாப்ள. எல்லாத்தையும் ஒண்ணுலயே போட்டுட்டு முழிக்கக் கூடாதுன்னுதான் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டேன்."

அவர் குரலில் பெருமை இருந்தது. அதைக் கெடுக்க எனக்கும் மனமில்லைதான். ஒவ்வொரு ஃபண்டும் எந்தெந்தப் பங்குகளை வைத்திருக்கிறது என்று மாதாமாதம் வெளியிட்டாக வேண்டும். அந்தப் பட்டியல்களை ஃபோனில் ஒவ்வொன்றாகத் திறந்தோம். முதல் ஃபண்டில் தலைமாட்டில் எச்டிஎஃப்சி வங்கி, ஐசிஐசிஐ வங்கி, ரிலையன்ஸ். இரண்டாவதில் அதே மூன்றும், வரிசை மட்டும் வேறு. ஐந்தாவதைத் திறப்பதற்குள் மாமாவே முந்திக்கொண்டு பெயர்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆறாவதில் இன்ஃபோசிஸ் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் ஃபண்டு நடத்துபவர்களின் குற்றம் ஒன்றுமில்லை. மாமா வாங்கியதில் பெரும்பாலானவை 'லார்ஜ் கேப்' வகை. அந்த வகை ஃபண்டு தன் பணத்தில் குறைந்தது 80 விழுக்காட்டைச் சந்தை மதிப்பில் முதல் 100 இடத்திலுள்ள நிறுவனங்களில்தான் போட வேண்டும் என்று செபி 2017-ல் விதித்தது. எல்லோரும் ஒரே வயலில்தான் மேய வேண்டும் என்றால், மாடு பதினொன்றானாலும் புல் ஒன்றுதான்.

அப்படியானால் மாமாவிடம் இருப்பது உண்மையில் எத்தனை? இதற்குக் கணக்கு உண்டு. இரண்டு முதலீடுகள் எந்த அளவுக்குச் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதை 'ஒட்டுறவு' என்ற ஓர் எண்ணால் சொல்வார்கள். ஒன்று என்றால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பூஜ்யம் என்றால் ஒன்றின் போக்கு மற்றதைப் பற்றி எதுவும் சொல்லாது. மைனஸ் ஒன்று என்றால் ஏற்றத் தண்டு மாதிரி, ஒரு முனை இறங்கினால் மறுமுனை ஏறும். பெரிய நிறுவனப் பங்கு ஃபண்டுகளுக்குள் இந்த எண் பெரும்பாலும் 0.9-ஐயும் தாண்டும். மாமாவுக்குச் சாதகமாக 0.8 என்றே வைத்துக்கொண்டேன். பதினொன்றிலும் ஒரே அளவு பணம், ஏற்ற இறக்கமும் ஒரே அளவு என்றும் கொண்டால் கணக்கு ஒரு வரியில் முடிந்துவிடும்:

11 ÷ (1 + 10 × 0.8) = 1.22

பதினொரு ஃபண்டு, ஒன்றோடொன்று ஒட்டாத ஒன்றேகால் ஃபண்டுக்குக்கூடச் சமமில்லை. சரி, பதினொன்றை நூறாக்கினால்? 1.247. ஆயிரமாக்கினால்? ஒன்றேகாலை உரசிக்கொண்டு நிற்கும், தாண்டாது. ஒட்டுறவு 0.8 என்று இருக்கும்வரை அதுதான் கூரை. ஆனால் ஒட்டுறவு பூஜ்யமாக இருக்கும் இரண்டே இரண்டு முதலீடுகள் முழுசாக இரண்டுக்குச் சமம். ஒற்றை ஃபண்டின் ஆண்டு ஏற்ற இறக்கம் 20 விழுக்காடு என்றால், மாமாவின் பதினொன்று அதை 18-க்குத்தான் இறக்கும். ஒட்டாத இரண்டு 14-க்கு இறக்கிவிடும்.

ஏன் எண்ணிக்கை இப்படித் தோற்றுப்போகிறது என்பதை 1952-ல் ஹாரி மார்கோவிட்ஸ் என்ற இளைஞர் கட்டுரையாக எழுதினார். பின்னாளில், 1990-ல், நோபல் பரிசு அதற்காகத்தான் வந்தது. விஷயம் எளிது. பதினொரு முதலீடுகளின் மொத்த ஆட்டத்தைக் கணக்கிடும்போது அவற்றின் சொந்த ஆட்டம் பதினொரு இடத்தில்தான் வருகிறது. ஒன்றுக்கும் மற்றதற்கும் உள்ள உறவு 110 இடத்தில் வருகிறது. முதலீடு நூறானால் சொந்தம் 100, உறவு 9,900. கூட்டம் பெருகப் பெருகத் தனியாள் குணம் கரைந்துபோய், யார் யாரோடு சேர்ந்து ஆடுகிறார்கள் என்பது மட்டுமே மிஞ்சும். கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மாமாவுக்கு நான் கணக்குச் சொல்லவில்லை, கிணற்றைச் சொன்னேன். அவர் தோப்பில் ஐந்து போர் இருக்கின்றன. ஒன்று வற்றினால் இன்னொன்று கைகொடுக்கும் என்று வெவ்வேறு வருஷத்தில், வெவ்வேறு ஆழத்தில் போட்டவை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட ஏறக்குறைய 60 விழுக்காடு குறைந்தது. அடுத்த கோடைக்குள் ஐந்தும் காற்றைத்தான் இழுத்தன. ஆழம் வேறு, மேலே பெய்ய வேண்டிய மழை ஒன்று.

"அப்ப வாய்க்கால் தண்ணி?" என்றார்.

சரியான இடத்தைப் பிடித்துவிட்டார். பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்காலில் வரும் தண்ணீர் பெரும்பாலும் மேற்கு மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டியது. கிணற்று நீரோ பெரும்பாலும் ஐப்பசி மழையை நம்பியது. ஐந்து போருக்கு ஆறாவதாக இன்னொரு போர் சேர்ப்பதைவிட இந்த ஒரு வாய்க்கால் மேல், ஏனென்றால் அதற்கு வேறு மேகம். முதலீட்டில் தேட வேண்டியதும் வேறு மேகத்தைத்தான். வேறு பெயரை அல்ல.

பெயருக்கும் மேகத்துக்கும் உள்ள தூரத்தை 2020 ஏப்ரல் 23 அன்று இந்திய முதலீட்டாளர்கள் பார்த்தார்கள். ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் தன் கடன் ஃபண்டுகளில் ஆறை ஒரே நாளில் மூடுவதாக அறிவித்தது. 25,000 கோடி ரூபாய்க்கு மேல் பணம். அல்ட்ரா ஷார்ட் பாண்ட், லோ டியூரேஷன், கிரெடிட் ரிஸ்க் என்று ஆறுக்கும் ஆறு பெயர்கள், காலவரையும் வெவ்வேறு. ஆனால் கூடுதல் வட்டிக்காக எல்லாமே தரமதிப்பு குறைந்த நிறுவனங்களின் கடன் பத்திரங்களை வாங்கியிருந்தன. ஒரே நிறுவனத்தின் பத்திரம் பல ஃபண்டுகளில் இருந்தது. ஊரடங்கில் அந்தப் பத்திரங்களை வாங்க ஆளில்லாமல் போனதும் ஆறும் ஒன்றாக மூச்சுத் திணறின. பணம் பின்னால் தவணை தவணையாகத் திரும்பி வந்தது. ஆனால் இரண்டு மூன்று ஃபண்டில் பிரித்துப் போட்டிருந்தவருக்கு, வேண்டிய மாதத்தில் எதிலிருந்தும் கிடைக்கவில்லை.

நம் முதலீடுகளை நாமே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு ஃபண்டுகளின் ஐந்தாண்டு மாதாந்தர லாப நட்ட விழுக்காடுகளை எக்செல்லில் இரு பத்திகளாக இட்டு `=CORREL(B2:B61,C2:C61)` என்று போட்டால் எண் வந்து நிற்கும். ஒரு எச்சரிக்கை: மாதாந்தர மாற்றத்தைப் போட வேண்டும், யூனிட் விலையைப் போடக் கூடாது. ஐந்தாண்டில் ஏறிய எந்த இரண்டு விலைகளையும் பக்கத்தில் வைத்தால் அவை சொந்தக்காரர்கள் மாதிரித்தான் தெரியும். தென்னையும் பேரனும் சேர்ந்து வளர்கிறார்கள் என்பதற்காக இருவருக்கும் ஒட்டுறவு உண்டென்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் அந்த எண்ணை நான் முழுசாக நம்புவதில்லை. அது நேற்றைய வானத்தை வைத்துச் சொன்னது. நாளைக்கு நம்ப வேண்டியது எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை. தங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜனவரியில் 12,300-ஐத் தாண்டியிருந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 விழுக்காடு விழுந்து 7,610-ல் முடிந்தது. அதே மாதம் உலகச் சந்தையில் தங்கமும் இரண்டு வாரம்போல் சரிந்தது. பயந்துபோனவன் விற்க முடிந்ததைத்தான் விற்பான். தங்கம் எப்போதும் விற்க முடிந்த பொருள். இருந்தும் இந்தியாவில் தங்கம் வைத்திருந்தவருக்கு அடி குறைவு. கலவர நேரத்தில் வெளிநாட்டுப் பணம் நம் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறும், அதனால் ரூபாய் இறங்கும், ரூபாய் இறங்கினால் இங்கே தங்கத்தின் விலை தாங்கி நிற்கும். பங்கை விழவைத்த அதே காற்று தங்கத்துக்குக் கீழே முட்டுக்கொடுக்கிறது. இந்தக் காரணம் நீடிக்கும்வரை ஒட்டுறவும் குறைவாக நீடிக்கும் என்று நம்பலாம். அமெரிக்காவில் பங்கு விழுந்தால் அரசுப் பத்திரம் காப்பாற்றும் என்று இருபது வருஷப் பழக்கம் சொல்லியிருந்தது. 2022-ல் பணவீக்கம் வந்து வட்டி ஏறியபோது இரண்டும் சேர்ந்தே விழுந்தன. பழக்கம் பொய்யாகவில்லை, அதுவரை வீசாத திசையிலிருந்து காற்று வந்தது.

2016-ஐப் பற்றி மாமாவிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அவரே சொல்லிவிட்டார். அந்த வருஷம் தென்மேற்கு மழையும் கேரளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. "வாய்க்காலும் வரல மாப்ள. வித்து லாரித் தண்ணி வாங்குனேன்." எதை விற்றார் என்று கேட்டேன். அத்தையின் வளையல் இரண்டு.

சென்னையில் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், மாமாவைவிடச் சிக்கலான இடத்தில் இருப்பவர். ஐடி கம்பெனிச் சம்பளம், அதே கம்பெனியின் பங்கு, ஐடி ஃபண்டு, ஓஎம்ஆர் சாலையில் கடனில் வாங்கிய ஃபிளாட். நான்கு சொத்து என்று அவர் எண்ணுகிறார். அமெரிக்க வாடிக்கையாளர்கள் கையைச் சுருக்கினால் சம்பளம், பங்கு, ஃபண்டு, அந்தச் சாலையில் வாடகைக்கு வரும் ஆள், எல்லாமே ஒரே காலாண்டில் ஆட்டம் காணும். ஃபண்டு பட்டியலில் சம்பளம் வராது. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் இருக்கிற சொத்திலேயே பெரியது.

மாமாவின் பதினொன்றை மூன்றாகக் குறைத்தோம்: ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டு, கொஞ்சம் தங்கம், மீதி அரசுப் பத்திர ஃபண்டு. கடைசியில் உள்ளது ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது ஒட்டுறவால் மட்டுமல்ல, அதன் சொந்த ஆட்டமே சிறியது என்பதாலும்தான். மூன்றே மூன்றைப் பார்த்து மாமாவுக்கு ஏதோ குறைந்துவிட்ட மாதிரி இருந்தது. ஃபைலும் இளைத்துப்போயிற்று.

அதை வைத்துவிட்டு வந்தபோதே, அவர் மறுபடி கூப்பிடுவார் என்று தெரியும். உண்மையாகவே பிரித்துப் போட்டவன் கையில் எந்த நேரமும் ஏதாவது ஒன்று சும்மா கிடக்கும், இல்லையென்றால் இறங்கிக்கொண்டிருக்கும். எல்லாம் சேர்ந்து சிரிக்கும் பட்டியலைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். ஆனால் மனுஷ மனசு சும்மா கிடப்பதைத் தாங்காது. மழைக்காலத்தில் வாய்க்காலைத் தூர்வாரச் சொன்னால் யாருக்கும் கை வராது.

ஆறு மாதம் கழித்து ஃபோன் வந்தது. பங்குச் சந்தை நன்றாக ஏறியிருந்த நேரம்.

"மாப்ள, இந்தத் தங்கம் ஒண்ணு அசையவே மாட்டேங்குது. வித்துப்போட்டு இன்னொரு ஃபண்டு வாங்கீரலாமா?"

"அத்தை வளையலைத் திருப்பி எடுத்தீங்களா மாமா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. "சரி, கெடக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.