சத்தமில்லாத நாலு நிமிடம்

மார்கழி 6

தோழிகளை எழுப்பும் பாசுரங்கள் இன்று தொடங்குகின்றன. ஆறிலிருந்து பதினைந்து வரை பத்துப் பாட்டு, பத்து வீட்டு வாசல். காலை ஆறு மணி உபன்யாசத்துக்கு வைத்த அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். சாயங்காலம் யூட்யூபில் பதிவைப் போட்டு, கட்டிலில் சாய்ந்தபடி கேட்டேன். பதினோராவதாக என் வீட்டு வாசலுக்கும் வந்து எழுப்பியிருக்கலாம்.

பதிவில் ஒரு சௌகரியம் உண்டு. பெரியவாச்சான் பிள்ளையின் மூவாயிரப்படியிலிருந்து மணிப்பிரவாள வாக்கியம் ஒன்றை உபன்யாசகர் சொன்னார். நேரில் என்றால் அது காதில் விழுந்து பிரிவதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். மூன்று முறை பின்னால் தள்ளிக் கேட்டு, நோட்டில் பிழையில்லாமல் எழுதிக்கொண்டேன்.

பிறகு பேராசை வந்தது. வேகத்தை ஒன்றரை மடங்காக்கினேன். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடமானது, வார்த்தை ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணை மூடி ஆறு விநாடி பேசாமல் இருக்கிறாரே, அது நாலு விநாடியாகிவிட்டது. என் மனத்தில் பதில் எழும்புவதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

மார்கழி 15

இன்று நேரில் போனேன். மேற்கு மாம்பலத்தில் சின்ன மண்டபம், எண்பது பேர் இருக்கலாம். ஜமக்காளத்துக்குக் கீழே தரை சில்லென்றிருந்தது. உள்ளே படுத்திருக்கும் பெண்ணும் வாசலில் நிற்பவர்களும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் பாசுரம் இது. வாய்ச்சண்டை முற்றும்போது, தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும் என்று அவள் இறங்கிவருகிறாள். அந்த ஒரு குணத்துக்காகவே இதைத் திருப்பாவைக்குள் திருப்பாவை என்பார்கள்.

அந்த இடத்துக்கு வரும்போது காலர் மைக்கின் பேட்டரி தீர்ந்தது. யாரோ மாற்று செல் தேடி ஓடினார்கள். அவர் நிறுத்தவில்லை. குரலைக் கொஞ்சம் உயர்த்தினார், அவ்வளவுதான். பின்வரிசையில் இருந்தவர்கள் சத்தமில்லாமல் எழுந்து முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். நானும் நகர்ந்தேன். ஒரு பாட்டியின் முழங்காலில் என் முழங்கை இடித்தது. மின்விசிறியைக்கூட யாரோ நிறுத்திவிட்டார்கள். புதுச் செல் போட்டு மைக் வேலை செய்ய ஆரம்பித்ததும், எல்லோர் முதுகும் கொஞ்சம் தளர்ந்தது.

அதே நாள் இரவு

பதிவைப் போட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் உதடு மட்டும் அசைகிறது. மேடைக்கு எதிரே ஸ்டாண்டில் நிற்கும் செல்போனுக்கு, மைக் மிக்ஸரிலிருந்து நேராக வயர் போகிறது. மைக்கில் விழாதது பதிவில் இல்லை. நாலு நிமிடம் சுத்தமாகச் சத்தமில்லை. நேரலையில் பார்த்தவர்கள் வரிசையாக ‘ஆடியோ வரவில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள்.

இத்தனை நாள் பதிவில் ஏன் யாருமே சிரிப்பதில்லை என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. காலர் மைக் பக்கத்து வாயை மட்டும் கேட்கும். காலையில் மண்டபமே சிரித்த இடம், பதிவில் எங்கோ பாத்திரம் உருண்டதுபோல லேசாகக் கேட்கிறது. கடைசியில் எண்பது பேரும் சேர்ந்து சொன்ன சாற்றுமுறை, அவர் ஒருவர் தனியாகச் சொன்னதாகவே பதிவாகியிருக்கிறது. மண்டபத்தின் நடுவில் இன்னொரு மைக் தொங்கவிட்டு அதையும் மிக்ஸரில் சேர்த்தால் இது தீரும். நாளைக்குச் சொல்ல வேண்டும்.

பதிவு எனக்கும் ஒரு குட்டு வைத்தது. அவர் சொன்னதாகக் காலையில் நோட்டில் எழுதிவைத்திருந்த அழகான உவமை ஒன்று பதிவில் எங்குமே இல்லை. யோசித்துப் பார்த்தால், செருப்பு மாட்டும்போது பக்கத்தில் நின்றவர் சொன்னது. அடித்துவிட்டு, ஓரத்தில் ‘வாசலில் கேட்டது’ என்று எழுதினேன்.

மார்கழி 27

கூடாரவல்லி. இரண்டாம் பாசுரத்தில் நெய்யும் பாலும் வேண்டாம் என்று நோன்பு தொடங்கியவர்கள், இன்று நெய் வழியும் பால்சோற்றைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அக்காரவடிசல் வாங்கத் தொன்னையோடு வரிசையில் நின்றேன். மங்களம் முடிந்ததுமே செல்போனைக் கழற்றிவிட்டார்கள், அதனால் இந்த வரிசை எந்தப் பதிவிலும் வராது.

மாடிவீட்டு மாமிக்கும் ஒரு தொன்னை வாங்கி வந்தேன். முழங்கால் வலி, படி இறங்க முடியாது. முப்பது நாளும் பதிவுதான் அவருக்கு. ஒரு பாசுரம் விடாமல் கேட்கிறார். நான் நேரில் போனது மொத்தம் ஒன்பது நாள்.

“பதினைந்தாம் நாள் அந்த நாலு நிமிஷம் என்னடி சாதித்தார்?” என்று கேட்டார்.

சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். இரண்டாம் முறை சொன்னபோது கொஞ்சம் மாறியிருந்தது.