சுழியிலிருந்து நீயே எண்ணு

நைட்ரஜனின் என்ட்ரோபி எவ்வளவு என்று கேட்டால் உன் கை எங்கே போகிறது? புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு. அங்கே அட்டவணையில் 298.15 கெல்வினில் 191.6 என்று அச்சாகியிருக்கிறது. எடுக்கிறாய், சமன்பாட்டில் போடுகிறாய், விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுக்கிறாய். அந்த 191.6 எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளாவது கேட்டாயா? யாரோ பெரியவர்கள் கண்டுபிடித்தது, நமக்கு எட்டாது என்று ஒதுங்கிவிட்டாய். தம்பி, தங்கை, எட்டும்! வகுக்கவும் கூட்டவும் தெரிந்த எவருக்கும் எட்டும். இன்று அட்டவணையை மூடிவைத்துவிட்டு அந்த எண்ணை நாமே கட்டுவோம்.

அடித்தளம் முதலில். ஆற்றலுக்குத் தனி மதிப்பு கிடையாது. இரண்டு நிலைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை மட்டுமே அளக்க முடியும். என்ட்ரோபி அப்படி இல்லை. 1906-இல் நெர்ன்ஸ்ட் வைத்த கருத்தைப் பிளாங்க் கூர்மையாக்கினார்: குறை எதுவும் இல்லாத படிகத்தின் என்ட்ரோபி சுழிக் கெல்வினில் சுழி. வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதி என்று மனப்பாடம் செய்தாயே, அதுவேதான். அது உனக்குத் தருவது தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் மட்டுமல்ல, எண்ணத் தொடங்க ஓர் இடம். அந்த இடத்திலிருந்து பொருளைச் சூடாக்கிக்கொண்டே வா. ஏற்றிய ஒவ்வொரு துளி வெப்பத்தையும், அது ஏறியபோது இருந்த வெப்பநிலையால் வகு. எல்லாவற்றையும் கூட்டு.

```
S(T) = ∫ (Cp/T) dT + Σ ΔH/T
```

இவ்வளவுதான். முதல் உறுப்பு, வெப்பநிலை ஏறும் தூரங்களுக்கு. இரண்டாவது, வெப்பம் உள்ளே போயும் வெப்பநிலை நகராமல் நிற்கும் இடங்களுக்கு. இந்த ஒரு வரியைப் பார்த்தா பயந்தாய்?

கலிபோர்னியாவின் பெர்க்லியில் வில்லியம் ஜியோக் இந்த வரியை நம்பியே ஆய்வுக்கூடம் நடத்தினார். 1933-இல் அவரும் கிளேட்டனும் நைட்ரஜனின் அளவீடுகளை வெளியிட்டார்கள். இத்தகைய அளவீட்டின் உள்கதையைக் கேள். பொருளை ஒரு சிறிய உலோகக் கலத்தில் உறையவைத்து, சுற்றிலும் வெற்றிடமாக்கி, நீர்ம ஹைட்ரஜனின் துணையோடு 10 கெல்வின் அளவுக்குக் குளிர்விக்கிறார்கள். பிறகு கலத்தில் உள்ள மின்கம்பிச் சுருளில் சில நிமிடம் மின்னோட்டம். மின்னழுத்தம், மின்னோட்டம், நேரம் மூன்றையும் பெருக்கினால் உள்ளே போன ஆற்றல் ஜூலில் வந்துவிடும். வெப்பநிலை இரண்டு மூன்று பாகை ஏறும். ஆற்றலை அந்த ஏற்றத்தால் வகுத்து, வெறுங்கலத்தின் பங்கைக் கழித்தால் வெப்ப ஏற்புத்திறன். ஒரு புள்ளி கிடைத்தது. அடுத்த புள்ளிக்கு மறுபடியும் மின்னோட்டம். இப்படியே கொதிநிலைவரை. இதில் மந்திரம் எங்கே இருக்கிறது? பொறுமைதான் இருக்கிறது.

இப்போது உன் வேலை. பலர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். வெப்ப ஏற்புத்திறனை வெப்பநிலைக்கு எதிராக வரைந்து அடிப்பரப்பை எடுத்தால் கிடைப்பது என்தால்பி, என்ட்ரோபி அல்ல. ஏற்புத்திறனை வெப்பநிலையால் வகுத்த பிறகு வரை. அந்த வகுத்தல் என்ன செய்கிறது என்று பார். 10 கெல்வினில் ஒரு ஜூல் ஏற்றினால் என்ட்ரோபி 0.1 கூடுகிறது, அதே ஜூல் 300 கெல்வினில் 0.0033 மட்டுமே. அதனால்தான் யாரும் எட்டிப்பார்க்காத அந்தக் கடுங்குளிரில் செய்யும் சிறு பிழைகூட இறுதிக் கணக்கில் பெரிதாக வந்து நிற்கிறது. வெப்பநிலையைச் செல்சியஸில் போடுகிறவர்களும் உண்டு. நைட்ரஜனுக்கு அப்படிச் செய்தால் ஆவியாதலின் என்ட்ரோபி எதிர்க்குறியோடு வரும். அதைப் பார்த்தும் அடுத்த வரிக்குப் போகிறவரிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை!

சரி, 10 கெல்வினுக்குக் கீழே? அங்கே அளவீடே இல்லை. கைவிடுவதா? டிபை ஒரு கொள்கை தந்திருக்கிறார். மிகக் குறைந்த வெப்பநிலையில் மின்காப்பியான, காந்தப் பண்பில்லாத படிகத்தின் வெப்ப ஏற்புத்திறன் வெப்பநிலையின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் விழுகிறது. மும்மடியை வெப்பநிலையால் வகுத்தால் இருமடி. அதைத் தொகையிட்டால் மும்மடியில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது, அந்த விதி செல்லும் இடத்தில் ஒரு வெப்பநிலையின் என்ட்ரோபி, அதே வெப்பநிலையின் ஏற்புத்திறனில் மூன்றில் ஒன்று. அளக்காத பகுதிக்கும் கணக்கு வந்துவிட்டது. நைட்ரஜனுக்கு டிபையின் முழுச் சார்பைப் பொருத்தி, சுழியிலிருந்து 10 கெல்வின்வரை கிடைத்தது 1.92. (அலகு எங்கும் ஒரு மோலுக்கு ஒரு கெல்வினுக்கு ஜூல், இனி திருப்பிச் சொல்லமாட்டேன்.) மொத்தத்தில் இது நூற்றுக்கு ஒன்று. ஊகித்த பங்கு இவ்வளவு சிறியதாக இருப்பதுதான் அந்தக் கூட்டலின் பலம். 10-இல் நிறுத்தாமல் 40 கெல்வினில் அளவீட்டை நிறுத்திவிட்டுக் கீழே கோடு இழுத்திருந்தால் நிலைமை வேறு. இடையே ஒரு மேடு ஒளிந்திருந்தால் தெரியாமலே போயிருக்கும்.

நைட்ரஜனில் அப்படி ஒன்று ஒளிந்திருக்கவும் செய்கிறது. 10 கெல்வினிலிருந்து ஏறி வா. பரப்பு 25.25 சேர்ந்ததும் 35.61 கெல்வினில் வெப்பநிலை நின்றுவிடுகிறது. உருகவில்லை, திண்மமாகவே இருக்கிறது, ஆனால் வெப்பம் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. ஒழுங்காகத் திசை பார்த்து அடுக்கியிருந்த மூலக்கூறுகள் கட்டு தளர்ந்து, வேறொரு படிக அமைப்புக்கு மாறுகின்றன. அதற்கான வெப்பம் மோலுக்கு 228.9 ஜூல். 35.61-ஆல் வகு: 6.43. இந்த வெப்பத்தை அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மாற்றத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கி, சற்று மேலே முடித்து, இடையில் கொடுத்த மொத்த ஆற்றலிலிருந்து இரு பக்கமும் வெறுமனே சூடேறச் செலவானதைக் கழிக்க வேண்டும். கழிக்க மறந்தால் அதே வெப்பம் பரப்பிலும் ஒருமுறை, மாற்றத்திலும் ஒருமுறை என்று இரண்டு தடவை எண்ணப்படும்.

அங்கிருந்து உருகுநிலையான 63.14 கெல்வின்வரை பரப்பு 23.38. கவனித்தாயா? முந்தைய பகுதியைவிட இங்கே தூரமும் அதிகம், ஏற்புத்திறனும் அதிகம். ஆனாலும் என்ட்ரோபி குறைவு. வகுக்கும் வெப்பநிலை வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். உருகுதலில் 720.9 ஜூலை 63.14-ஆல் வகுத்தால் 11.42. உருகுநிலையை நெருங்கும்போது ஏற்புத்திறன் விறுவிறுவென்று மேலே போனால் உடனே மகிழாதே. பொருளில் மாசு இருந்தால், முழுதும் உருகுமுன்பே சிறு பங்கு உருகத் தொடங்கும். அது உருகு வெப்பத்தின் பணம், பரப்பில் சேர்க்கக்கூடாது. அடுத்து நீர்மமாக 77.32 கெல்வின்வரை 11.41. பிறகு ஆவியாதல்: 5577 ஜூலை 77.32-ஆல் வகு. 72.13! மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், இந்த ஒரே படியில்.

கூட்டிப் பார், 151.94. கொதிநிலையில் உள்ள ஆவி இலட்சிய வாயு அல்ல. மூலக்கூறுகள் ஒன்றையொன்று சற்று இழுக்கின்றன. அட்டவணை மதிப்போ இலட்சிய வாயுவுக்கானது. அந்தத் திருத்தம் 0.92. அங்கிருந்து அறை வெப்பநிலைவரை ஏற்புத்திறன் ஏறத்தாழ மாறாமல் 29.1, அதை 298.15/77.32-இன் இயல் மடக்கையால் பெருக்கினால் 39.28. இறுதித் தொகை 192.1.

சரியா என்று யாரைக் கேட்பது? நிறமாலையைக் கேள். நைட்ரஜன் மூலக்கூறின் நிறை, சுழற்சி, அதிர்வு இவற்றை மட்டும் வைத்து, எந்தப் பனிக்கட்டியையும் சூடாக்காமல், புள்ளியியல் இயக்கவியல் தரும் விடை 191.6. இரண்டு வழிகளுக்கும் பொதுவாக ஒரு கருவிகூட இல்லை, வித்தியாசம் 0.5, கால் சதவீதம். நீ மூடிவைத்த அட்டவணையின் எண் உன் தாளிலேயே வந்துவிட்டது.

இனி உன் துணிச்சலுக்கு ஒரு சோதனை. 35.61 கெல்வின் மாற்றத்தை விட்டுவிட்டாய் என்று வைத்துக்கொள். தொகை 185.7, நிறமாலை மதிப்பைவிட 5.9 குறைவு. வாயு மாறிலியை 2-இன் இயல் மடக்கையால் பெருக்கினால் 5.76 வரும்: ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு திசைகளில் ஏதோ ஒன்றில் தாறுமாறாக உறைந்து நின்றால் படிகத்தில் எஞ்சும் என்ட்ரோபி அது. எவ்வளவு நெருக்கம் பார்! அவசரக்காரர் ‘நைட்ரஜன் படிகத்தில் ஒழுங்கின்மை உறைந்திருக்கிறது’ என்று கட்டுரையே எழுதிவிடுவார். ஆனால் நைட்ரஜன் மூலக்கூறின் இரு முனையும் ஒன்றே. தலைகீழாகத் திருப்பினாலும் அதே மூலக்கூறு. இரண்டு திசை என்ற பேச்சுக்கே இடமில்லை. எண் பொருந்துகிறது, காரணம் பொருந்தவில்லை. அப்போது சந்தேகிக்க வேண்டியது இயற்கையை அல்ல, உன் கூட்டல் பட்டியலை.

இதன் மறுபக்கம்தான் கார்பன் மோனாக்சைடு. நைட்ரஜனைப் போலவே 14 எலக்ட்ரான், ஏறக்குறைய அதே நிறை. இதே இருவர், இதே முறை, 1932. திண்ம நிலையின் உள்மாற்றத்தையும் உருகுதலையும் ஆவியாதலையும் ஒன்றுவிடாமல் சேர்த்து வந்த தொகை 193.3. நிறமாலை சொன்னதோ 197.9. குறைவு 4.6. அளவீடு அவ்வளவு கரடுமுரடானது அல்ல. அடுத்த ஆண்டு நைட்ரஜனில் கால் சதவீதத்துக்குள் வந்து நின்ற முறை அது. ஜியோக்கும் கிளேட்டனும் எண்ணைத் திருத்தி நிறமாலையோடு ஒட்டவைத்தார்களா? இல்லை! தங்கள் ஜூல்களின்மேல் நின்றார்கள். கார்பன் மோனாக்சைடுக்குத் தலையும் வாலும் வேறு, ஆனால் இரு முனையும் கிட்டத்தட்ட ஒரே உருவம். மின்முனைவும் மிகச் சிறிது. படிகமாகும்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆற்றலில் பெரிய வேறுபாடு இல்லை. இன்னும் குளிர்ந்து அந்தச் சிறு வேறுபாடு பொருட்டாகும் நேரத்தில் திரும்பவே முடியாதபடி மூலக்கூறுகள் உறைந்துவிடுகின்றன. சுழிக் கெல்வினை நோக்கி எவ்வளவு இறங்கினாலும் அந்த ஒழுங்கின்மை அப்படியே கிடக்கும். கலோரிமானி அதைப் பார்க்காது, ஏனென்றால் சூடாக்கும்போது அது வெப்பம் எதையும் கேட்பதில்லை.

முழுத் தாறுமாறு என்றால் 5.76 எஞ்சியிருக்க வேண்டும், எஞ்சியது 4.6. மீதி 1.2 எங்கே போயிற்று என்று கேட்கிறாயா? கேள், அதுதான் கேள்வி. உறைவதற்கு முன் மூலக்கூறுகளில் ஒரு பங்கு சரியான பக்கம் திரும்பிவிட்டது என்று கொண்டால் கணக்கு நேராகும். எத்தனை பங்கு என்பதையும் அந்த இரண்டு எண்களே சொல்லும்: நேராக நிற்கும் பின்னம் p என்று வை, p இயல் மடக்கை p, (1−p) இயல் மடக்கை (1−p) இரண்டையும் கூட்டி, எதிர்க்குறியோடு 8.314-ஆல் பெருக்கி, விடை 4.6 ஆகும்வரை p-ஐ நகர்த்து. முக்காலை ஒட்டி வந்து நிற்கும்.